பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பொம்மை, மேஜிக், கதை: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பிறந்தநாள் வீடுகளுக்கு ஒரே ஒரு தோள்பையோடு போய் நிகழ்ச்சி செய்கிறேன். நிகழ்ச்சி முடிந்து சாப்பிட உட்காரும்போது யாராவது ஓர் இளைஞரோ ஆசிரியையோ பக்கத்தில் வந்து, "இதை நானும் செய்யலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மேஜிக் ரகசியங்களை மட்டும் வெளியே சொல்லவில்லை, மற்றதெல்லாம் உண்டு.

மேஜிக்கா, பொம்மையா, கதையா? எதுல தொடங்கணும்?

உங்களுக்கு எது ஏற்கெனவே வருகிறதோ அதில். ஆனால் பிறந்தநாள் வீட்டில் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் தேவைப்படும், ஏனென்றால் கூட்டத்தில் மூன்று வயதும் இருக்கும், பதினொன்றும் இருக்கும். சிறியவர்கள் பொம்மைக்கு உட்காருவார்கள், பெரியவர்கள் மேஜிக்குக்கு உட்காருவார்கள். கதை இரண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்கும், அதுவும் அவர்களே அதில் நடிக்கிறார்கள் என்றால்.

ஒன்றைத்தான் முதலில் படிக்க முடியும் என்றால் கதையைச் சொல்வேன். அதற்குச் செலவே இல்லை. மேஜிக் பொருள் வாங்கிவிட்டுப் பேசத் தெரியாமல் நிற்பவரைப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஒரு கயிறை வைத்தே அரை மணி நேரம் ஓட்டிவிடுவார்.

பையில என்னெல்லாம் வேணும்?

பள்ளிக்கூடப் பை அளவுக்கு மேல் வேண்டாம். என் பையில் இருப்பவை: மென்மையான பருத்திக் கயிறு ஏறக்குறைய மூன்று மீட்டர், ஒரு கத்தரி, நாலு ஸ்பாஞ்ச் பந்து, பட்டுக் கைக்குட்டை மூன்று, உள்ளே போடுவது மாறி வரும் துணிப்பை (கடையில் 'சேஞ்ச் பேக்' என்று கேட்டால் தருவார்கள்), படம் தானாக நிறம் மாறும் கலரிங் புத்தகம், கையில் கொடுத்தால் ஒடிந்து தொங்கும் மந்திரக்கோல், வாய் திறந்து மூடும் ஒரு கைப்பொம்மை, ஒரு துவர்த்து. அவ்வளவுதான்.

துவர்த்தைக் குறைவாக நினைக்காதீர்கள். இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு முனையைக் கொடுத்து ஆட்டினால் அது குளச்சல் கடல். முறுக்கினால் பாம்பு, சுருட்டிக் கையில் ஏந்தினால் கைக்குழந்தை, தலையில் கட்டினால் மீன்காரர். கதைக்கு வேறு பொருளே தேவையில்லை. கயிறுக்கும் இரண்டு வேலை உண்டு: நிகழ்ச்சி தொடங்கும் முன் அதைத் தரையில் குறுக்கே போட்டு, "மக்களே, இந்தக் கயிறைத் தாண்டாதவங்கதான் எனக்கு உதவிக்கு வரலாம்" என்று சொல்லிவிடுங்கள். முன்வரிசை தவழ்ந்து தவழ்ந்து உங்கள் மடிக்கு வருவது நின்றுவிடும். பிறகு அதே கயிறை எடுத்து வித்தையைத் தொடங்கலாம்.

ஒரு வயசுப் பிறந்தநாளுக்குத்தான் நிறைய கூப்பிடுதாங்க. அந்தக் குழந்தைக்கு என்ன புரியும்?

ஒன்றும் புரியாது, அழாமல் இருந்தால் அதுவே பெரிது. அந்த வயதில் புது முகத்தைக் கண்டாலே பயம் இருக்கும். பொம்மையை முகத்துக்கு நேரே கொண்டுபோனால் வீடே அதிர அழும். அங்கே உங்கள் உண்மையான கூட்டம், குழந்தையின் சித்தி பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும்தான். அவர்களுக்காகச் செய்யுங்கள். குழந்தை அம்மா மடியில் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். கடைசியில் ஒரு கைக்குட்டையை வரவழைத்துக் குழந்தையின் கையில் கொடுத்தால் படத்துக்கும் ஆச்சு.

மூன்று, நான்கு வயதுக்கு மேஜிக் அவ்வளவாகப் பிடிபடாது. பந்து மறைவது அவர்களுக்கு அதிசயமே இல்லை. எது நடக்கும், எது நடக்காது என்ற கணக்கு மனதில் விழுந்த பிறகுதான் 'நடக்காதது நடந்தது' என்று வியக்க முடியும். ஆனால் மந்திரக்கோல் ஒடிந்து தொங்கி நீங்கள் முழிக்கும்போது விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஐந்து முதல் எட்டு வரைதான் மேஜிக்குக்கு நல்ல வயது. ஒன்பதுக்கு மேல் உங்களைப் பிடித்துவிட வேண்டும் என்றே வந்து உட்காருவார்கள். அதைப் பற்றிப் பின்னால் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

எத்தனை நிமிஷம் செய்யணும்? கேக் வெட்டுறதுக்கு முன்னாடியா, பிறகா?

நாற்பது நிமிடம். கேக்குக்கு முன்னால். கேக் வெட்டிவிட்டால் பெரியவர்கள் பந்திக்கு எழுந்துவிடுவார்கள், பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சாப்பிடக் கூட்டிப் போவார்கள், பாதி நிகழ்ச்சியில் முன்னால் ஆறு பேர் மிச்சம் இருப்பார்கள். முன்பதிவு பேசும்போதே வரிசையைச் சொல்லிவிடுங்கள்: நிகழ்ச்சி, கேக், சாப்பாடு. ஆறு மணி என்று அழைப்பில் போட்டிருந்தால் ஆள் சேர ஆறே முக்கால் ஆகும் என்பது நம்ம ஊர்க் கணக்கு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தக்கலையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பையனுக்கு ஏழாவது பிறந்தநாள், இருபது பிள்ளைகள், முன்னறையில் பாய் விரித்திருக்கிறார்கள். முதல் ஐந்து நிமிடம் ஒடிகிற மந்திரக்கோல். இது வித்தையே இல்லை, பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கும் சிரிப்பு. அடுத்த பத்து நிமிடம் கயிறும் ஸ்பாஞ்ச் பந்தும்; பந்துக்குக் கொஞ்சம் கூச்சமுள்ள பிள்ளை ஒன்றை உதவிக்கு அழைக்கலாம், அதன் கைக்குள்ளேயே ஒன்று இரண்டாகும்போது கிடைக்கும் முகபாவம் வேறு எதிலும் கிடைக்காது. பிறகு பத்து நிமிடம் பொம்மை. பிறகு பத்து நிமிடம் துவர்த்துக் கதை, எல்லாருக்கும் வேலை கொடுத்து: ஒருவர் காற்று, ஒருவர் கடல், நாலு பேர் வள்ளம்.

கடைசி ஐந்து நிமிடம் பிறந்தநாள் பிள்ளைக்கு மட்டும். கலரிங் புத்தகத்தில் அவன் ஊதினால் நிறம் வருகிறது. அவன் செய்த மேஜிக், நீங்கள் செய்ததல்ல. கைதட்டல் நிற்பதற்கு முன் அவனை அப்படியே கேக் மேசைக்கு நடத்திவிடுங்கள். பிறந்தநாள் பிள்ளையை ஆரம்பத்திலேயே முன்னால் அழைத்துவிட்டால் கடைசிக்கு ஒன்றும் இருக்காது, அதோடு முதலில் அது வெட்கப்பட்டு அம்மாவிடம் ஓடவும் கூடும்.

வாய் அசையாம பேச எனக்கு வராது. பொம்மையை எப்படி வச்சுக்கிடுறது?

வரத் தேவையில்லை. பொம்மை உங்கள் காதில் கிசுகிசுக்கட்டும், நீங்கள் அதைக் கேட்டு, "என்னது? கேக்கு முழுசும் உனக்கா?" என்று சத்தமாகப் பதில் சொல்லுங்கள். பொம்மை ஒரு சொல்லும் பேசவில்லை, ஆனால் அது பேசியதாகவே பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. என்னைக் கேட்டால், நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கும் இது சில இடங்களில் மேல்.

பேச வைக்கத்தான் ஆசை என்றால் இரண்டு விஷயம். முதலாவது கை: ஒவ்வோர் அசைக்கும் பொம்மையின் வாய் திறக்க வேண்டும், புதிதாகச் செய்பவர்கள் அசைக்கு அசை மூடுகிறார்கள், அது பேசுவது போல இருக்காது, கடிப்பது போல இருக்கும். நாலு விரலும் அசையாமல் இருக்க, கட்டைவிரல் மட்டும் கீழே இறங்கட்டும். வேகமான பேச்சில் எல்லா அசைக்கும் திறக்க வேண்டாம், நெடிலுக்குத் திறந்தால் போதும்.

இரண்டாவது உதடு. உதடு சேராமல் சொல்ல முடியாத எழுத்துகள் ப, ம. கீழுதடு பல்லைத் தொடாமல் வராதது வ. அம்மா, அப்பா, மாமா, பாட்டி என்று நம் வீட்டுச் சொற்களிலேயே இவை நிறைந்திருக்கின்றன, 'பிறந்தநாள்' தொடங்குவதே அதில்தான். தாத்தா, அக்கா, அண்ணன், சித்தி ஆகியவற்றில் தொல்லை இல்லை. ஆகவே பொம்மைக்கு வசனம் எழுதும்போது இந்த மூன்றையும் முடிந்தவரை தவிருங்கள், தவிர்க்க முடியாத இடத்தில் அந்தச் சொல்லை நீங்கள் சொல்லுங்கள், பொம்மை தலையாட்டட்டும். என் பொம்மையின் பெயர் கிட்டு. உதடே தொடாத பெயராகப் பார்த்து வைத்தேன்.

தோல்பாவைக் கூத்து நம்ம ஊர்க் கலைதானே? அதையே பிறந்தநாளுக்குச் செய்யலாமே?

அதைச் செய்ய வேண்டியவர்கள் அந்தக் கலைஞர்கள்தான். தோல்பாவை ஆடுபவர்கள் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் சமூகத்தினர். பரம்பரையாகக் குடும்பத்துக்குள் கற்றுவரும் கலை அது. நாகர்கோவிலைச் சுற்றியே அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. ஆட்டுத்தோலில் வெட்டி நிறம் தீட்டிய பாவைகள், வெள்ளைத்திரை, அதற்குப் பின்னால் விளக்கு, பாட்டு, தாளம் என்று ஒரு குழுவே வேண்டும், இருட்டும் வேண்டும். பெரிய முற்றம் உள்ள வீடு, வசதியும் உண்டு என்றால் அவர்களையே அழைக்கச் சொல்லுங்கள். அட்டையில் வெட்டிவிட்டு அதற்கு அந்தப் பெயரை வைக்க வேண்டாம்.

ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இராமாயணத்தைப் பல இரவுகளாகப் பகுத்து ஆடுவார்கள். கதை ஒவ்வொரு நாளும் நகரும். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் மட்டும் எந்த நாள் கதையிலும் எப்படியோ நுழைந்துவிடுவார்கள். சனங்கள் மறுநாளும் வந்து உட்கார்ந்ததில் அந்த இரண்டு கோமாளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கதை மாறலாம், தெரிந்த முகம் மாறக்கூடாது. மறுமுறை அழைப்பு என்பதன் அடிப்படையே இதுதான், கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மாடியில ஷீட் போட்ட இடத்துல வைக்கச் சொல்லுதாங்க. அங்க செய்யலாமா?

செய்யலாம், ஆனால் முன்னால் மூன்றைப் பார்க்க வேண்டும்: மழை, காற்று, உங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமும் உண்டு, அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கும் உண்டு. தகர ஷீட்டில் நல்ல மழை விழுந்தால் ஒலிபெருக்கி இருந்தாலும் ஒரு சொல் கேட்காது. அப்போது கதையைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டுப் பேச்சில்லாத பகுதிகளை முன்னால் கொண்டுவாருங்கள்: கயிறு, துணிப்பை, ஊமையாகக் கிட்டு. இதற்காகவே பேச்சில்லாத பத்து நிமிடம் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது. மின்சாரம் போனாலும் அது உதவும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் என்றால் தென்மேற்குக் காலத்துக் காற்றைச் சொல்ல வேண்டாம், முப்பந்தலில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. பட்டுக் கைக்குட்டையும் ஸ்பாஞ்ச் பந்தும் பறந்துவிடும். அங்கே அறைக்குள் வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், முடியாதென்றால் கயிறும் புத்தகமும் பொம்மையும் போதும்.

மூன்றாவதை எல்லாரும் மறக்கிறார்கள். மாடியில் படிக்கட்டு எங்கே இருக்கிறது? உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வருபவர் போகிறவர் எல்லாரும் பின்னாலிருந்து உங்கள் கையைப் பார்ப்பார்கள், வீடியோ எடுப்பவரும் அங்கேயே வந்து நிற்பார். சுவரையோ திரையையோ முதுகுக்கு வைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பரவலாக விடாமல் ஒடுக்கமாக, நேர் எதிரே உட்கார வையுங்கள். முக்கால் மணி நேரம் முன்னதாகவே போவது இதற்குத்தான். இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டத்தில் தடை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குள் பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள்.

"எனக்குத் தெரியும், அந்தக் கையில இருக்கு"ன்னு ஒரு பையன் கத்திக்கிட்டே இருக்கான். என்ன செய்ய?

முதலில் அவன் சொல்வது சரியா தவறா என்று பாருங்கள். தவறு என்றால் கையை விரித்துக் காட்டினால் முடிந்தது, அதுவே நல்ல சிரிப்பு. சரி என்றால் மறுக்காதீர்கள். பிள்ளைகளிடம் பொய் சொல்லிப் பிடிபட்டால் மிச்ச நேரம் முழுவதும் போச்சு. "ஆமா மக்கா, உனக்குக் கண்ணு கூர்மையாத்தான் இருக்கு. இங்க வா, இந்தக் கயிறைப் பிடி" என்று பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்பது பத்து வயதுக்காரனுக்கு வேலை கொடுத்துவிட்டால் அவன் உங்கள் கட்சி. அடுத்த வித்தை அவன் கண்டுபிடிக்க முடியாததாக இருக்கட்டும். அதற்கென்று ஒன்றைக் கையில் வைத்திருங்கள். எனக்கு அது நீளம் வேறு வேறான மூன்று கயிறு ஒரே நீளம் ஆவது.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது: அவனைக் கேலி செய்து மற்றவர்களைச் சிரிக்க வைப்பது. அவனுடைய அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த பிறந்தநாள் அவனுடையதாக இருக்கலாம்.

புறா, முயல், பலூன், தீ எல்லாம் காட்டுனா நல்லா காசு வருமே?

உயிரினங்களை நிகழ்ச்சியில் காட்ட 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அது போக, புறாவுக்குத் தீனி, கூண்டு, பயணம் என்று சேர்த்தால் ஒரு பை என்ற சௌகரியமே போய்விடும். வீட்டுக்குள் தீ வேண்டாம், அதில் பேச ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு நைலான் பாவாடையும் சரிகையும்தான் உடுத்தியிருப்பார்கள்.

பலூன் நல்லதுதான். முறுக்கி நாய், வாள் செய்யும் நீளப் பலூனுக்குக் கடையில் 260 என்று கேட்க வேண்டும்; ஊதினால் இரண்டு அங்குலத் தடிமன், அறுபது அங்குல நீளம் வரும் என்பதால் அந்த எண். ஆனால் இருபது பிள்ளைகளுக்கும் செய்து கொடுக்க முக்கால் மணி நேரம் தாராளமாகப் பிடிக்கும், அதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். உடைந்த துண்டுகளை அப்போதே பொறுக்கிப் பையில் போடுங்கள். ஊதாத பலூனும் கிழிந்த துண்டும் தொண்டையில் சிக்கும், எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் நான் பலூனை எடுப்பதே இல்லை.

எங்க வீட்டுல ஜெபம் வைச்சுத்தான் தொடங்குவோம், மந்திரம் தந்திரம் எல்லாம் வேண்டாம்னு சொல்லுதாங்க. அப்ப என்ன செய்ய?

இதை முன்பதிவின்போதே நீங்களே கேட்டுவிடுங்கள், அவர்கள் சொல்லக் கூச்சப்படுவார்கள். ஜெபம், பாட்டு முடிந்த பிறகு உங்கள் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதகர் வர நேரமானால் காத்திருக்கத்தான் வேண்டும். மேஜிக் வேண்டும் ஆனால் மந்திரம் என்ற பேச்சு வேண்டாம் என்றால், மந்திரக்கோலையும் "ஜீ பூம்பா"வையும் விட்டுவிட்டு, "இது கைவேகம், பழகினா யாருக்கும் வரும்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். நிகழ்ச்சி ஒன்றும் குறைந்துவிடாது. சில இஸ்லாமிய வீடுகளில் பொம்மை வேண்டாம் என்பார்கள், அங்கே துவர்த்துக் கதையை இருபது நிமிடமாக நீட்டுங்கள். எந்த வீட்டிலும் ஏன் என்று விவாதிக்கப் போக வேண்டாம். சொன்னபடி செய்து கொடுத்தவரைத்தான் அடுத்த முறையும் அழைப்பார்கள்.

எவ்வளவு வாங்கலாம்? நாப்பது நிமிஷத்துக்கா இவ்வளவுன்னு கேக்குதாங்க.

நாற்பது நிமிடத்துக்கு விலை சொல்லாதீர்கள், ஒரு மாலை நேரத்துக்குச் சொல்லுங்கள். நாகர்கோவிலில் இருக்கும் நீங்கள் மார்த்தாண்டத்தில் நிகழ்ச்சி ஒப்புக்கொண்டால், சுமார் 30 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் போக, அவ்வளவே வர. முக்கால் மணி முன்னதாகப் போக வேண்டும், விருந்தினர் சேரும்வரை இன்னொரு முக்கால் மணி. ஆக ஏறக்குறைய ஐந்து மணி நேரம், அன்று வேறு நிகழ்ச்சி எடுக்க முடியாது. எடுத்துக்காட்டுக்கு 3,000 ரூபாய் என்று வைத்தால், பெட்ரோல், கைக்குட்டை, கயிறு எல்லாம் சேர்த்து 400 போகும். மிச்சம் 2,600, மணிக்கு 520. இந்தக் கணக்கை அவர்களிடம் ஒப்பிக்க வேண்டாம், நீங்கள் மனதில் வைத்திருந்தால் விலை சொல்லும்போது குரல் தடுமாறாது.

மூன்றில் ஒரு பங்கை முன்பணமாக வாங்கிவிட்டுத்தான் தேதியை எழுதுங்கள். மறுமுறை அழைப்பவர்கள் குறைத்துக் கேட்பார்கள். குறைக்க வேண்டாம், பதிலுக்குப் போன ஆண்டு விலையையே வைத்துக்கொடுங்கள். அது அவர்களுக்கும் சலுகையாகத் தெரியும், உங்களுக்கும் அடுத்த வீட்டில் பேரம் வராது.

அண்ணனுக்குச் செஞ்சோம். அஞ்சு மாசம் கழிச்சு தங்கச்சிக்கும் கூப்பிடுதாங்க, அதே பிள்ளையதான் வரும். எல்லாம் புதுசா வாங்கணுமா?

ஒரு ரூபாய்க்கும் வாங்க வேண்டாம். மேலே சொன்ன பையிலேயே மூன்று நிகழ்ச்சிகள் இருக்கின்றன. முதல் முறையே பையைக் கவிழ்த்துக் கொட்டாமல் இருந்தால் போதும். ஒரு பொருளுக்கு ஒரு வித்தை என்று நினைப்பதால்தான் மூட்டை பெருக்கிறது.

தக்கலை வீட்டையே தொடர்வோம். ஜூனில் அண்ணனுக்குக் கயிறை வெட்டி ஒட்ட வைத்தீர்கள். நவம்பரில் தங்கச்சியின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு அதே கயிறில் ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை உருவிக் கையோடு எடுத்து அவள் உள்ளங்கையில் வைக்கலாம். அதற்கடுத்த முறை மூன்று நீளக் கயிறு. ஸ்பாஞ்ச் பந்து ஜூனில் பிள்ளையின் கைக்குள் இரண்டானது; நவம்பரில் அது கிட்டுவின் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வருகிறது, ஏனென்றால் அவன் கொழுக்கட்டை என்று நினைத்துத் தின்றுவிட்டான். துணிப்பையில் முதலில் கைக்குட்டை நிறம் மாறியது. அடுத்து வெள்ளைக் காகிதத் துண்டுகளைப் போட்டால் தங்கச்சி பெயர் எழுதிய தோரணம் வருகிறது. கலரிங் புத்தகம் முதல் முறை கடைசியில் வந்தது, இந்த முறை பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மாறாதவன் கிட்டு. ஜூனில் அவன் கேக்கைத் திருட வந்தான். நவம்பரில் அவனை எல்கேஜியில் சேர்த்திருக்கிறார்கள், புத்தகப்பையைத் தொலைத்துவிட்டு நிற்கிறான். மூன்றாம் முறை அவனுக்குப் பல் விழுந்துவிட்டது. கிட்டு வெளியே வருவதற்கு முன், "போன தடவை இவன் என்ன செஞ்சான்?" என்று கேட்டுப் பாருங்கள். பார்த்த பிள்ளைகள் பார்க்காத பிள்ளைகளுக்கு முண்டியடித்துச் சொல்வார்கள். ஏற்கெனவே பார்த்தது அவர்களுக்குப் பெருமையாகிவிடுகிறது. மறுமுறை வரும் கூட்டத்தைப் பற்றி நாம் பயப்படுகிறோம், உண்மையில் அதுதான் எளிதான கூட்டம்.

எந்த வீட்டுல எதைச் செஞ்சோம்னு எப்படி நினைவு வைக்கிறது?

நினைவு வைக்க வேண்டாம், எழுதுங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். தேதி, ஊர், பிறந்தநாள் பிள்ளையின் பெயர், வயது, செய்த பகுதிகள், கிட்டுவின் கதை, உதவிக்கு வந்த பிள்ளைகள், யார் பயந்தது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு வரி: கூட்டம் எங்கிருந்து வந்தது. ஒரே வகுப்பா, சொந்தக்காரப் பிள்ளைகளா, சண்டே ஸ்கூல் பிள்ளைகளா, தெருவா? அழைப்பு அடுத்து வரும்போது வீடு புதிதாக இருக்கும், கூட்டம் பழையதாக இருக்கும். "ரெண்டாம் வகுப்பு, பி பிரிவு" என்று கேட்டு வைத்திருந்தால் தான் அந்த முப்பது பேரும் உங்களை முன்பே பார்த்தவர்கள் என்று தெரியும்.

எழுதத் தொடங்கினால் பகுதிகளை அ, ஆ, இ என்று மூன்று தொகுதியாகப் பிரித்துவிடலாம். ஒரு கூட்டத்துக்கு அ முடிந்தால் அடுத்து ஆ, பிறகு இ. மறுபடி அ வரும்போது ஒன்றரை ஆண்டு ஓடியிருக்கும், ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏழரை ஆகியிருக்கும், அதே வித்தையை வேறு கண்ணோடு பார்க்கும். பிள்ளைகளின் படத்தை மட்டும் பெற்றோரைக் கேட்காமல் எங்கும் போட வேண்டாம். கேட்டு வாங்கினாலும் முதுகுப் பக்கமாக எடுத்தது போதும். அவர்கள் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே கூட்டம் ரசித்ததா என்று தெரிந்துவிடும்.

போன தடவை செஞ்ச அந்தப் பந்தையே செய்யுங்கன்னு பிள்ளையே கேக்குது. செய்யலாமா? மற்ற பிள்ளைய "இது தெரியும்"னு சொல்லிருமே?

செய்யுங்கள். கேட்ட பிள்ளையை ஏமாற்றக்கூடாது. தொடக்கம் அப்படியே பழையபடி இருக்கட்டும், முடிவை மட்டும் மாற்றுங்கள். போன முறை கையைத் திறந்தால் இரண்டு பந்து இருந்தது. இந்த முறை எல்லாரும் "ரெண்டு! ரெண்டு!" என்று கத்த, திறந்தால் நாலும் குதிக்கிறது, அல்லது ஒன்றுமே இல்லாமல் கிட்டுவின் கன்னம் புடைத்திருக்கிறது. தெரியும் என்று நினைத்தவர்கள்தான் அதிகமாக வாய் பிளப்பார்கள். பழைய முடிவே வேண்டும் என்று அடம் பிடிக்கும் நான்கு வயதுப் பிள்ளை என்றால் மாற்றவே வேண்டாம், அந்த வயதில் ஒரே கதையை நூறு முறை கேட்கும் பிள்ளைகள்தானே. கலரிங் புத்தகம் போல முடிவை மாற்ற முடியாததை, முன்பு பார்த்த பிள்ளை ஒன்றின் கையிலேயே கொடுத்து ஊதச் சொல்லிவிடுங்கள். ரகசியம் தெரியாவிட்டாலும் அது ரகசியக்காரராக நடந்துகொள்ளும், ஒருவரிடமும் சொல்லாது.

மேற்கே களியக்காவிளைப் பக்கம் பிள்ளைய மலையாளம் கலந்து பேசுது, நகரத்துல இங்கிலீஷ்தான். கதை எந்த மொழியில?

தமிழில்தான், ஆனால் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியை அவர்கள் வாயில் வைத்துவிடுங்கள். துவர்த்துக் கதையில் கடல் வரும்போதெல்லாம் எல்லாரும் சேர்ந்து "ஹோ... ஹோ..." என்று கைகளை ஆட்ட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்தால், இடையில் ஓரிரு சொல் பிடிபடாத பிள்ளையும் கதையை விட்டு வெளியே போகாது. அருமனை, களியக்காவிளைப் பக்கம் கிட்டு இரண்டு வரி மலையாளம் பேசினால் வீடே அவனைத் தன் பிள்ளையாக்கிக்கொள்ளும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு வேறொரு வழி: கிட்டு இங்கிலீஷைத் தப்பும் தவறுமாகப் பேசட்டும், அவர்கள் திருத்தட்டும். பெரியவர்கள் பின்வரிசையில் சாய்ந்து சிரிப்பதைக் கேட்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் கார்டு கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையிலிருந்துதான் வருகிறார்கள். கார்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள், கேக் தட்டோடு அது குப்பைக்குப் போய்விடும்.